98 சதவீதமா, 15 கிணறுகளா: இரண்டு போஸ்டர்கள், ஒரு மதிப்பெண் தாள்

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிக் கருத்தரங்குகளில் போஸ்டர் நடுவராகப் போனால், குரோமியம் இல்லாத அரங்கே கிடையாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் குரோமியம் போட்டுத் தோல் பதனிடும் டேனரிகள்; நடுவே மணலாய்க் கிடக்கும் பாலாறு. வேதியியல் மாணவர்கள் வேறு எதைத் தேடிப் போவார்கள்? ஒரே பிரச்சினையை இரண்டு குழுக்கள் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த பலகையில் வந்து நிற்பதும் உண்டு. அப்படிப் பார்த்த பலவற்றைச் சேர்த்து இரண்டு போஸ்டர்களாக இங்கே வைக்கிறேன். ஆட்களும் எண்களும் மாற்றியவை. குறைகள் மட்டும் மாற்றாதவை.

முதல் போஸ்டர், புளியங்கொட்டைத் தோலைப் பொடியாக்கி நீரிலுள்ள குரோமியத்தை உறிஞ்ச வைப்பது. இரண்டாவது, பாலாற்றங்கரை ஓரமாக 18 கிணறுகளில் மே மாதமும் டிசம்பர் மாதமும் தண்ணீர் எடுத்துச் சோதித்தது. மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள்: தெளிவுக்கு 20, காட்சி அமைப்புக்கு 20, சான்றுக்கு 35, பதில்களுக்கு 25.

எனக்கு ஒரு பழக்கம். மாணவர் பேச ஆரம்பிக்கும் முன், ஐந்தடி தள்ளி நின்று மூன்று நிமிடம் நானே படித்துவிடுவேன். “ஒரு நிமிஷம்மா, முதல்ல நான் பார்த்துடறேன்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தெளிவு, அமைப்பு இரண்டுக்கும் அப்போதே மதிப்பெண் போட்டுவிட வேண்டும். வாயால் விளக்கிய பிறகு எல்லாப் போஸ்டரும் தெளிவாகத்தான் தெரியும்.

அந்த ஐந்தடியில் புளியங்கொட்டை போஸ்டர் அள்ளிக்கொண்டு போனது. தலைப்பிலேயே முடிவு இருந்தது: இந்தப் பொடி குரோமியத்தை 98 சதவீதம் நீக்குகிறது. நடுவில் ஒரே ஒரு பெரிய வரைபடம், அதைச் சுற்றி நிறைய வெற்றிடம், எங்கே தொடங்கி எங்கே போக வேண்டும் என்பது கண்ணுக்குத் தானாகவே தெரிந்தது. ஒரு குறை, இரண்டு கோடுகளையும் சிவப்பிலும் பச்சையிலும் போட்டிருந்தார்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் கூட்டத்தில் இருக்கும். ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்கியிருந்தால் போதும். தெளிவுக்கு 17, அமைப்புக்கு 18 போட்டேன்.

கிணற்று போஸ்டரின் தலைப்பு “நிலத்தடி நீரின் தரம் குறித்த ஓர் ஆய்வு” என்ற வகை. என்ன கண்டுபிடித்தார்கள் என்று அது சொல்லவில்லை. நடுவில் 18 வரிசை, 9 பத்தி கொண்ட அட்டவணை, அதுவும் ஆய்வேட்டிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியது. படிக்க மூக்கு பலகையில் இடிக்கும். ஃபிளெக்ஸில் அடித்திருந்ததால் டியூப் லைட் வேறு மேல் பாதியில் பளபளத்தது.

அதோடு ஒரு பெரிய பிழை. கிணறு எண் 11-இல் குரோமியம் 62 mg/L என்று இருந்தது. அவ்வளவு கரைந்திருந்தால் தண்ணீர் குடத்திலேயே மஞ்சளாகத் தெரியும். அந்தக் கிணற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடமே வேண்டாம். பக்கத்திலிருந்த படத்தில் குடிநீர் வரம்புக் கோடு 50-இல் வரையப்பட்டிருந்தது. இந்தியத் தர நிர்ணயமான IS 10500 மொத்தக் குரோமியத்துக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 0.05 mg/L, அதாவது 50 µg/L. ஆக, அலகுதான் தப்பு, எண் சரி. காரணமும் ஊகிக்கக்கூடியது. µ என்ற குறியை சிம்பல் எழுத்துருவில் அடித்து, அந்த எழுத்துரு இல்லாத கடைக் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் அது m ஆகிவிடும். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் படிக்கிறவருக்கு ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இதை எந்தக் கட்டத்தில் கழிப்பது? நான் தெளிவில் கழித்தேன். பிறகு அந்தப் பையனின் ஆய்வுக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் µg என்றே இருந்தது. அளவீடு பிழையில்லை என்பதால் சான்றிலும் இதையே ஒருமுறை கழித்தால் ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகிவிடும். தெளிவுக்கு 11, அமைப்புக்கு 9.

இதுவரை கூட்டினால் புளியங்கொட்டைக்கு 35, கிணற்றுக்கு 20. புளியங்கொட்டை 15 மதிப்பெண் முன்னால். அப்புறம்தான் சான்று.

98 சதவீதம் என்பதை நான் எப்போதும் மீதியாக மாற்றிப் பார்ப்பேன். அவர்கள் எடுத்த தண்ணீரில் குரோமியம் 50 mg/L. அதில் 98 சதவீதம் போனால் மீதி 1 mg/L. குடிநீர் வரம்பைவிட அது 20 மடங்கு. போஸ்டரின் மூலையில் “குடிநீர்ச் சுத்திகரிப்புக்குப் பயன்படும்” என்று இருந்ததே, அதை அவர்களுடைய எண்ணே அடித்துவிட்டது.

அடுத்தது பிஎச். சோதனை முழுக்க பிஎச் 2-இல் நடந்திருந்தது. தண்ணீரில் குரோமியம் எடுக்கும் இரண்டு முக்கிய வடிவங்களில் ஒன்றான ஆறு இணைதிறன் குரோமியத்தை இந்த மாதிரிப் பொடிகள் அமிலத்தில்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் அந்தத் தேர்வு புரிகிறது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் பிஎச் 7, 8 பக்கம் இருக்கும். ஊர்த் தண்ணீர் முழுவதிலும் அமிலம் ஊற்றி, பொடி போட்டு, மறுபடி சுண்ணாம்பு போட்டுச் சமன் செய்ய யார் தயார்?

இவை இரண்டையும்விட எனக்கு உறுத்தியது மூன்றாவது. அவர்கள் அளந்தது டைஃபினைல்கார்பசைடு முறையில். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் கரைசல் ஊதாச் சிவப்பாகும், அந்த நிறத்தை 540 நானோமீட்டரில் படிப்பார்கள். அந்த முறைக்கு இன்னொரு வடிவமான மூன்று இணைதிறன் குரோமியம் தெரியாது. அமிலத்தில், தாவரப் பொடியோடு சேர்ந்தால், ஆறு இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதி மூன்று இணைதிறனாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும். நிறம் போய்விட்டது, ஆகவே குரோமியம் போய்விட்டது என்று எழுதினால், வேஷம் மாற்றி நிற்கிற ஆளைக் காணோம் என்று சொல்கிற கதை. மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் கருவியில் ஒருமுறை பார்த்திருந்தால் விடை தெரிந்திருக்கும்.

வரைபடத்தில், அளவு எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று காட்டும் பிழைக்கோடுகள் இருந்தன. அவை எதைக் குறிக்கின்றன என்று எங்கும் இல்லை. சான்றுக்கு 35-இல் 16 என்று பென்சிலில் எழுதிக்கொண்டேன்.

கிணற்று போஸ்டரின் பலம் அந்தப் படிக்க முடியாத அட்டவணைக்குள்தான் புதைந்து கிடந்தது. குரோமியம் இல்லாத நீரை வெற்று மாதிரியாக வைத்திருந்தார்கள், ஒரே கிணற்றில் இரட்டை மாதிரி எடுத்திருந்தார்கள், தெரிந்த அளவு குரோமியத்தைச் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பார்த்திருந்தார்கள். நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் கணக்கிட்டு, ஒத்துப்போகாத ஒரே கிணற்றுக்கு நட்சத்திரக்குறி போட்டிருந்தார்கள். தன் தப்பைத் தானே வட்டமிட்டுக் காட்டுகிற போஸ்டரை நான் அடிக்கடி பார்ப்பதில்லை. ஒரே வருடத்து அளவு என்பதும், கிணற்றின் ஆழத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதும் குறை. 28.

இனி கேள்வி. அடிப்படைக் கேள்விகள் மூன்றும் இருவருக்கும் ஒன்றுதான்; மற்றவை பதிலைப் பிடித்துக் கேட்டவை. ஒருவருக்குச் சுலபமாகவும் இன்னொருவருக்குக் கஷ்டமாகவும் கேட்டுவிட்டுப் பதிலை ஒப்பிடுவது நியாயமில்லை. எதை எத்தனை முறை தனித்தனியாகச் செய்தீர்கள்? போஸ்டரில் போடாமல் விட்டது என்ன? உங்கள் எண்களில் எதை நீங்களே குறைவாக நம்புகிறீர்கள்?

புளியங்கொட்டைப் பெண் தன் இரண்டு நிமிடப் பேச்சை அருவி மாதிரி கொட்டினாள். முதல் கேள்விக்கு “மூணு தடவை மேடம்” என்றாள். மூன்று தடவையும் தனித்தனிக் குடுவையா என்று கேட்டதும் பேச்சு நின்றது. ஒரே குடுவைத் தண்ணீரைக் கருவியில் மூன்று முறை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பிழைக்கோடு காட்டுவது கருவியின் நடுக்கத்தை. பொடியின் குணம் அதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு, “பிஎச் 7-லயும் பார்த்தோம் மேடம், ரொம்பக் குறைஞ்சுது, அதான் போடல” என்றாள். ஒளிக்காமல் சொன்னாள், அதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் போஸ்டரில் இருந்திருக்க வேண்டிய முக்கியமான முடிவே அதுதான். மூன்றாவதற்கு, “எல்லாமே நல்லா வந்துச்சு மேடம்.” 25-க்கு 10.

கிணற்றுப் பையன் பதற்றத்தில் குச்சியை இரண்டு முறை கீழே போட்டான். 18 கிணறு என்று அட்டவணையிலும் 15 என்று ஒப்பீட்டிலும் இருக்கிறதே என்றேன்.

“மூணு கிணறு மே மாசம் வத்திப்போச்சு மேடம். ஒரே கிணத்துல ரெண்டு சீசனும் தண்ணி இருந்தாதான் ஒப்பிட முடியும். அதனால 15.”

“மழைக்கு அப்புறம் ரெண்டு கிணத்துல கூடியிருக்கே?”

“மேல மண்ணுல இருக்கறதை மழை கரைச்சுக் கீழ இறக்கியிருக்கலாம்னு நினைக்கிறோம். ஒரு வருஷ அளவை வெச்சு அதை அடிச்சுச் சொல்ல முடியாது மேடம்.”

குறைவாக நம்புவது எதை என்றதும், நட்சத்திரக்குறி போட்ட கிணற்றைக் காட்டினான். ஆழத்தை அளந்தீர்களா என்றால், இல்லை, கிணற்றுக்காரர் சொன்னதை எழுதிக்கொண்டார்களாம். அதில் ஐந்து போயிற்று. 20.

கூட்டினால் புளியங்கொட்டைக்கு 61, கிணற்றுக்கு 68.

உடன் இருந்த நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை. “என்ன மேடம், கண்ணால படிக்கவே முடியல, அதுக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸா? போஸ்டர்னா நடந்து போறவன் நின்னு பார்க்கணும்.” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான்கு கட்டங்களுக்கும் சமமாக 25 போட வேண்டும் என்பது அவர் வாதம். சரி என்று அங்கேயே போட்டுப் பார்த்தோம். புளியங்கொட்டைக்கு 65.2, கிணற்றுக்கு 65.0. அதாவது, என்னுடைய அதே தீர்ப்பு, கட்டங்களின் எடையை மாற்றியதும் தலைகீழாகிவிட்டது.

அந்த 0.2-ஐ வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் நானே இரண்டு மதிப்பெண் அப்படி இப்படிப் போடுகிறவள். காலையில் பார்த்த முதல் போஸ்டருக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த கடைசிப் போஸ்டருக்கும் என் கை ஒரே மாதிரி இருக்காது. அதனால்தான் நான்கைந்து பார்த்த பிறகு முதல் போஸ்டருக்குத் திரும்பிப் போய் மதிப்பெண்ணைச் சரிபார்ப்பேன். எடை என்ன, சமம் வந்தால் எந்தக் கட்டம் முந்தும் என்பதெல்லாம் போஸ்டர்களைப் பார்க்கும் முன்பே தாளில் இருக்க வேண்டும். பார்த்த பிறகு மாற்றினால், பிடித்த போஸ்டருக்கு ஏற்ற எடையைத்தான் நாம் கண்டுபிடிப்போம். எங்கள் தாளில் சான்றுக்கு 35 என்று முன்பே அச்சடித்திருந்தது. அதனால் கிணறு முதல், புளியங்கொட்டை இரண்டாவது.

இருவருக்கும் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு: பிஎச் 7 வரைபடத்தைப் போடு, மொத்தக் குரோமியத்தை அள, சதவீதத்துக்குப் பக்கத்தில் மீதி எவ்வளவு என்று எழுது. அவனுக்கு: அட்டவணையை எடுத்துவிட்டு 15 கிணறுகளுக்கும் மே, டிசம்பர் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்து ஒரே படமாக்கு, எழுத்துருவைப் பதித்து பிடிஎஃப்பாக மாற்றிய பிறகே கடைக்குக் கொடு. அவன் அதைப் படித்துவிட்டு, பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, ஃபிளெக்ஸில் ஒவ்வொரு m-க்கும் கீழே வால் இழுக்க ஆரம்பித்தான்.