ஆடித் தள்ளுபடியா, மொத்தமாகத் தள்ளிவிடுவதா?

நெல்லை டவுனில் ஒரு ரெடிமேட் கடை. 400 ரூபாய் அடக்கத்தில் 200 சட்டைகள் தேங்கிவிட்டன என்று வைப்போம், முடக்கம் 80,000. தேங்கிய சரக்கைக் கண்டுபிடிக்க வாங்கிய தேதியைப் பார்க்காதீர்கள், கடைசியாக விற்ற தேதியைப் பாருங்கள். 38-ம் 44-ம் மட்டும் மிஞ்சி, நடு சைஸ்கள் தீர்ந்திருந்தால் அது அநேகமாகச் செத்த சரக்குதான்.

ஆடியில் 250-க்குப் போட்டால் 120 போகும், 30,000. மிச்சம் 80-ஐ அப்புறம் நூறுக்குத் தள்ளினால் 8,000. கூடுதல் ஆள், பேனர் செலவு 4,000 போக 34,000 நிற்கும். மொத்த வியாபாரி இன்றே தலைக்கு 120 தருகிறார். 24,000, அலைச்சல் இல்லை.

நட்டத்துக்காகக் கணக்கில் எழுதும் ஒதுக்கீடும் இதைப் பொறுத்ததே: 80,000-ல் கைக்கு வருவது போக, ஆடி வழியில் 46,000, மொத்த வழியில் 56,000. பாதி நட்டம் என்று கண்ணை மூடி எழுதுவது கணக்கல்ல.

என் ஓட்டு ஆடிக்கு. ஆனால் தீபாவளிச் சரக்குக்குப் பணமோ ரேக்கோ இல்லையென்றால் மொத்தமே சரி. எதுவானாலும் பில் போட்டு விற்றுவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலோ அழித்தாலோ, எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.