பழைய ரிப்போர்ட்டை எக்செலுக்கு மாற்றித் தருகிறேன் என்றால், பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கடலூர் ஓ.டி.யில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. பழைய டாஸ் மென்பொருளில் இருந்த லெட்ஜரைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழையதிலிருந்து கிடைத்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான டெக்ஸ்ட் ஃபைல் மட்டும்தான். அதில் கமாவோ டேபோ பத்திகளைப் பிரிக்காது. எல்லாம் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும்.

புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு மாற்றித் தந்தார்கள். "வரி எண்ணிக்கை சரியாக இருக்கு, செக் பண்ணிக்கோங்க சார்" என்றார் அங்கிருந்தவர். எண்ணிக்கை நிஜமாகவே சரியாகத்தான் இருந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் பண்ருட்டியிலிருந்து ஒரு பார்ட்டி போன் செய்தார். "அண்ணே, நான் ஒண்ணேகால் லட்சம் செக் கொடுத்தேன், உங்க கணக்குல இருபத்தஞ்சாயிரம்தான் வரவா இருக்கு." மூல ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

```
03/06/19 1182  CASH SALES               25,000.00
04/06/19 1183  CHEQUE RECD            1,25,000.00
```

மூலத்தில் சரியாகவே இருக்கிறது. தொகைகள் வலது ஓரம் ஒட்டி நிற்கின்றன, எல்லாம் 49-ஆம் எழுத்தில் முடிகின்றன. முதல் வரியின் தொகை 41-இல் தொடங்குகிறது, இரண்டாவது 39-இல். சென்டர்காரர் பக்கத் தலைப்பு, கோடுகளை எடுத்துவிட்டு, பைத்தானின் pandas நூலகத்தில் இந்த ஒரு வரியை ஓட்டியிருக்கிறார்:

```python
df = pd.read_fwf("ledger.txt", header=None)
```

பத்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நாம் சொல்லாவிட்டால் இது தானாக ஊகிக்கும். ஆனால் ஃபைலின் முதல் 100 வரிகளை மட்டும் பார்த்துத்தான் ஊகிக்கும். எங்கள் ஃபைலில் முதல் 100 வரிகளில் லட்சத்தைத் தொட்ட தொகையே இல்லை. ஆகவே தொகைப் பத்தி 41 முதல் 49 வரை என்று முடிவாகிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு லட்ச ரூபாய் வரவிலும் 39, 40-ஆம் இடங்களில் இருந்த "1," இரண்டு பத்திகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போனது. பிழைச் செய்தி எதுவும் வராது. வரிகளும் குறையாது. அதனால்தான் வரி எண்ணிக்கை ஒத்துப்போனது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ரிப்போர்ட்டின் கடைசியில் அச்சாகியிருக்கும் மொத்தத்தோடு புதிய பத்தியின் கூட்டலை ஒப்பிடுவது. எங்களுக்கு வந்த வித்தியாசம் முழு லட்சங்களாக இருந்தது, பைசா பிசகவில்லை. அப்படி வந்தால் இடப்பக்க இலக்கங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். விவரப் பத்தியில் வால் அறுந்தால் கூட்டல் காட்டிக்கொடுக்காது. அதற்கு, மூல ஃபைலில் தேதியில் தொடங்கும் வரிகளிலும் புதிய ஃபைலிலும் இடைவெளி, டேப், வரி முடிவு நீங்கலாக மீதி எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூடக் குறையக் கூடாது. வெளியீட்டை டேப் பிரித்த ஃபைலாகக் கேளுங்கள், தொகையிலேயே கமா இருக்கிறதே.

சரியாகச் செய்ய, முதலில் பக்கத் தலைப்பு, கோடு, பக்க மொத்தம் எல்லாவற்றையும் நீக்கித் தேதியில் தொடங்கும் வரிகளை மட்டும் `rows` என்ற பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும். குறுக்கே ஓடும் ஒரே ஒரு கோடு இருந்தாலும் எல்லா இடைவெளியும் அடைபட்டுவிடும். பிறகு, எந்தெந்த இடம் அத்தனை வரிகளிலும் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்:

```python
w = max(map(len, rows))
blank = [all(r.ljust(w)[i] == " " for r in rows)
         for i in range(w)]
```

அந்தக் காலி இடங்கள்தான் எல்லைகள். `read_fwf`-ஐயே பயன்படுத்துவதானால் `infer_nrows`-க்கு மொத்த வரிகளைவிடப் பெரிய எண்ணைக் கொடுக்க வேண்டும். `dtype=str` என்றும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வவுச்சர் எண்ணின் முன்பூஜ்யங்கள் போய்விடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏதோ ஒரு வரியில் நீளமான விவரம் வேறொரு வரியின் பெரிய தொகை தொடங்கும் இடம்வரை வந்துவிட்டால், நடுவில் பொதுவான காலி இடமே இருக்காது, இரண்டும் ஒரே பத்தியாகிவிடும். அங்கே ஆள்தான் பார்த்து, எல்லையை எண்ணாகக் `colspecs`-இல் கொடுக்க வேண்டும். கூலி கொடுப்பது முக்கியமாக இந்த வேலைக்குத்தான்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "உங்க பழைய ரிப்போர்ட்லயே தப்பு" என்றார்கள். மேலே உள்ள இரண்டு வரிகளைத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முழு ஃபைலையும் மறுபடி ஓட்டத் தனி சார்ஜ் ஆகும் என்றார்கள்.