உடைந்த வாஷ்பேசினும் ஒரு பணிவான கடிதமும்

பிரான்ஸில் ஆன்லைனில் பொருள் வாங்குபவர்களுக்காக இது. 189 யூரோவுக்கு ஒரு பீங்கான் வாஷ்பேசின் வாங்கினேன். கொண்டு வந்தவர் வாசலிலேயே போனை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி ஓடிவிட்டார். பெட்டியில் ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். பொருத்த வந்த பிளம்பர் விரலால் பேசினைத் தட்டினார். கணீரென்று ஒலிக்க வேண்டியது சொத்தென்று ஒலித்தது. திருப்பிப் பார்த்தால், தண்ணீர் இறங்கும் துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு விரிசல்.

படங்களுடன் கொஞ்சம் சூடாகவே ஒரு மெயில் போட்டேன். பதில் பிரெஞ்சில் வந்தது, அத்தனை பணிவு! முதல் பத்தி முழுக்க வருத்தம். இரண்டாவதில், பெட்டியைப் பெறும்போது டெலிவரி சீட்டில் சேதத்தை நான் குறிக்கவில்லை, மூன்று நாட்களுக்குள் டெலிவரி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலும் அனுப்பவில்லை, எனவே கோரிக்கையை ஏற்க இயலாது என்றிருந்தது. மூன்றாவதில் ‘ழெஸ்ட் கொமெர்சியால்’, அதாவது அவர்களாகப் பார்த்துத் தரும் சலுகையாக, 30 யூரோ கூப்பன். ‘சம்மதம்’ என்று பதில் அனுப்பினால் ஃபைலை மூடிவிடுவார்களாம். கடைசியில் வழக்கமான நீண்ட வணக்கம்.

இந்த இரண்டாம் பத்தியில்தான் பலர் விழுகிறார்கள். மூன்று நாள் கெடு என்று ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் அது வணிகச் சட்டத்தில், டெலிவரி நிறுவனத்தின் மேல் வழக்குப் போடும் உரிமை போகாமலிருக்க அதற்குப் புகார் அனுப்ப வேண்டிய கெடு. விற்றவரின் பொறுப்பு அதனால் போய்விடாது. நுகர்வோர் சட்டம் L216-2 பிரிவின்படி, பொருள் நம் கைக்கு வரும் வரை உடைந்தால் நஷ்டம் விற்றவருக்கே. டெலிவரி நிறுவனத்தை நாமே தனியாக ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் கதை வேறு. புதுப் பொருளில் இரண்டு வருடத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் L217-7 எடுத்துக்கொள்கிறது. இல்லை, நான்தான் உடைத்தேன் என்றால் அதை அவர்கள் நிரூபிக்க வேண்டும்.

கூப்பனைத் தொடவில்லை. இந்த இரண்டு பிரிவுகளையும் எழுதி, புதுப் பேசின் வேண்டும், இல்லையென்றால் அவர்களுடைய விற்பனை நிபந்தனைகளில் பெயர் போட்டிருக்கும் மத்தியஸ்தரிடம் போவேன் என்று ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். மத்தியஸ்தருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். நுகர்வோர் புகாருக்காக பிரெஞ்சு அரசு நடத்தும் SignalConso தளத்திலும் புகாரைப் பதிந்தேன்.

அடுத்து வந்த கடிதத்தில் மூன்று நாள் பேச்சே இல்லை. ‘விதிவிலக்காக’ மாற்றித் தருகிறார்களாம்! உடைந்ததை மட்டும் என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மாற்றித் தருவதற்கான எந்தச் செலவும் வாங்கியவர் தலையில் விழக்கூடாது என்பதும் சட்டம்தான். அதையும் எழுதிய பிறகுதான் ஆள் அனுப்பி எடுத்துப் போனார்கள். அதுவரை பழைய பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் நான் தூக்கிப் போடவில்லை.