சதுர அடி 110 ரூபா என்று சொல்லி 41,700க்கு பில் போட்ட ஃபிளெக்ஸ் பேனர்

எங்கள் தோட்டத்து அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஹட்டன் டவுனில் ஒரு கடையில் ஃபிளெக்ஸ் பேனர் அடித்தோம். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பொருளாளர் என்ற முறையில் பில் என் கையில்தான் இருக்கிறது. லயம் லயமாகப் போய்ச் சேர்த்த சந்தாப் பணம் எப்படிப் போனது என்று வரி வரியாகப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். இந்த ஆடியில் பேனர் அடிக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் படித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்டது 12 அடி அகலம், 8 அடி உயரம், இரும்பு ஃப்ரேமோடு. "சதுர அடி 110 தான் அண்ணே. ஃப்ரேம், தையல், பொருத்துகிற கூலி எல்லாம் பார்த்துப் போடுவோம்" என்றார் கடைக்காரத் தம்பி. 96 சதுர அடி, 110 ரூபாப்படி 10,560. மற்றதெல்லாம் சேர்ந்தாலும் 25,000 தாண்டாது என்று சபையில் பேசிக்கொண்டோம். வந்த பில் இது: பிரிண்ட் 14,300, ஃப்ரேம் 15,600, தையல் 2,300, பொருத்தும் கூலி 6,000, லொறி 3,500. மொத்தம் 41,700.

முதலில் பிரிண்ட். 14,300ஐ 110ஆல் வகுத்தால் 130 சதுர அடி வருகிறது. 96 எப்படி 130 ஆனது? ஃப்ரேமில் இழுத்துக் கட்டுகிற பேனருக்கு ஓரத்தைப் பின்பக்கம் மடக்க வேண்டும். நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விட்டால் பிரிண்ட் அளவு பன்னிரண்டரைக்கு எட்டரை. இதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஃபிளெக்ஸ் குறிப்பிட்ட அகலங்களில்தான் ரோலாக வரும். 8 அடி ரோல் இருக்கிறது, அதற்கு மேலே 10 அடி. எட்டரை அடி உயரம் 8 அடி ரோலில் அடங்காது. 10 அடி ரோலில் அடித்து, நீளத்தையும் 13 ஆக்கி, 13 தர 10 என்று 130 சதுர அடிக்குக் காசு எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஒன்றரை அடித் துண்டு கடையிலேயே தங்கிவிட்டது. அதில் பிறந்தநாள் பேனர் ஏதாவது அடித்திருப்பார்கள், வேறென்ன.

ரோல் அகலத்துக்குக் காசு வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அதை முன்னாலேயே சொல்லாததுதான் தப்பு. ஃப்ரேமைப் பதினொன்றரைக்கு ஏழரையாக அடிக்கச் சொல்லியிருந்தால், மடிப்போடு சேர்த்துப் பிரிண்ட் சரியாக 12க்கு 8. அப்படியே 8 அடி ரோலில் உட்கார்ந்திருக்கும். கீழே ரோட்டில் நின்று பார்க்கிற யாருக்கும் அந்த அரை அடி தெரியாது. பில்லில் 3,740 ரூபா குறைந்திருக்கும்.

அடுத்தது ஃப்ரேம். 15,600 என்பது அதே 130 சதுர அடி, 120 ரூபாப்படி. அதாவது ரோலில் வீணான துண்டுக்கும் சேர்த்து இரும்பு விலை! ஃப்ரேமுக்கு ஏது ரோல்? அது 12க்கு 8 தான், நானே டேப் பிடித்து அளந்தேன். 20 அடி பொக்ஸ் பார் ஒன்றை வெட்டினால் ஒரு 12 அடித் துண்டும் ஒரு 8 அடித் துண்டும் மிச்சமில்லாமல் வரும். இரண்டு பாரில் சுற்றுச் சட்டம் முடிந்துவிடும். மூன்றாவது பாரில் நடுவே நிற்க வைக்க இரண்டு 8 அடித் துண்டு. ஒரு அங்குலப் பொக்ஸ் பார் ஒன்று 2,300 என்று எங்கள் பக்கத்து ஹார்ட்வெயாரில் சொன்னார்கள். மூன்று பார் 6,900. வெல்டிங் பாஸுக்கும் பிரைமர் பூச்சுக்கும் 4,000 போட்டாலும் 10,900தான். 96 சதுர அடிக்கு 120 என்று கணக்கிட்டால் 11,520. ஆக 120 என்ற விலை அநியாயமில்லை, 130 என்ற அளவுதான் அநியாயம். போதாததற்கு, எங்கள் ஃப்ரேமில் நடுக்கம்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தையலைப் பற்றிச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். அதே 13 தர 10 அளவின் சுற்றளவு 46 அடி, அடிக்கு 50 ரூபாப்படி 2,300. கயிறு கட்டித் தொங்கவிடும் பேனருக்கு ஓரத்தை மடித்துத் தைத்து, அந்த இரட்டை மடிப்பில் ஐலெட் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் 10 அடிக்கு மேல் போனால் துண்டுகளை இணைக்கவும் தையல் வேண்டும். எங்கள் பேனர் ஒரே துண்டு, பின்னால் மடக்கி ஸ்க்ரூ அடித்தது. ஓரத்தில் ஒரு நூல்கூட ஓடவில்லை. ஃப்ரேமுக்கும் தையலுக்கும் ஒரே பில்லில் காசு போட்டிருந்தால், எங்கே தைத்தீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

பொருத்தும் கூலி 6,000. இரண்டு பையன்கள் வந்து இரண்டு யூகலிப்டஸ் கம்பம் நட்டு, நான்கு மூலையை மட்டும் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டுப் போனார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், எங்கள் மலையில் அது வெறும் பேச்சு இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் அந்த அளவு பேனர் மீது சுமார் 150 கிலோ எடை சாய்கிற மாதிரி. கொடியேற்றத்துக்கு மறுநாள் மாலை கிழிந்தது. கிழிசலைப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ ஓட்டையில் தொடங்கி அடுத்த ஓட்டைக்கு நேர்கோட்டில் போயிருந்தது. ஸ்க்ரூவுக்கு அடியில் வாஷர் இல்லை. சின்னத் தலையுள்ள ஸ்க்ரூ ஃபிளெக்ஸை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது நடுக்கம்பி இருந்து, வாஷரும் போட்டு, பின்பக்கம் இழுகயிறும் கட்டியிருந்தால் திருவிழா முடியும்வரை நின்றிருக்கும்.

கடைக்குப் போன் செய்தால், "காற்றுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் அண்ணே, போட்டது 440 ஜிஎஸ்எம் ஷீட்" என்றார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் எடை, கிராமில். கிழிந்த பேனரில் சரியாக ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, டவுனில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். 440 என்றால் ஏறத்தாழ 41 கிராம் வர வேண்டும். வந்தது 27. அது ஏறத்தாழ 280 ஜிஎஸ்எம் ஷீட்டின் எடை. விலை குறைந்த ஷீட், உள்ளே இருக்கிற நூல் வலையும் மெல்லியது. உங்கள் பேனர் கிழிய வேண்டியதில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு அடித் துண்டு மாதிரி கேட்டு வாங்கி நிறுத்துப் பாருங்கள், கையோடு தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு சபைத் தலைவரோடு கடைக்குப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. திருவிழா முடிந்ததும் லொறி வந்து ஃப்ரேமைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. கேட்டால் அது வாடகை ஃப்ரேமாம். 15,600 ரூபாவுக்கு மூன்று பாரும் வாங்கி வெல்டிங் கூலியும் கொடுத்து மிச்சமும் வைக்கலாம் என்று ஹார்ட்வெயார் விலையை மேசையில் வைத்தோம். பில்லில் வாடகை என்ற சொல்லே இல்லை. நிறையப் பேச்சுக்குப் பிறகு ஃப்ரேமைத் திருப்பிக் கொடுத்தார்கள். தையல் காசு 2,300ம் வந்தது. ஷீட்டுக்கும் ரோல் கணக்குக்கும் ஒரு சதமும் வரவில்லை.

இனி ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கடைக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பப் போகிறோம், வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: "ஃப்ரேம் வெளி அளவு 11½ x 7½ அடி, ஒரு அங்குலப் பொக்ஸ் பார், நடுக்கம்பி இரண்டு, ஃப்ரேம் எங்களுக்குச் சொந்தம். பிரிண்ட் 12 x 8 அடி, 8 அடி ரோல், 440 ஜிஎஸ்எம், ஒரு அடித் துண்டு மாதிரி தர வேண்டும். தையல் இல்லை. ஸ்க்ரூவுக்கு வாஷர், பின்னால் இழுகயிறு. லொறி, கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?"