‘அண்ணே, கடை எந்தப் பக்கம்?’

மதுரை பைபாஸ் ரோட்டில் காளவாசலுக்கும் பழங்காநத்தத்துக்கும் நடுவில் எங்கள் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை. போனில் வழி கேட்பவர்களுக்கு நாலு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

‘வலது கைப்பக்கம்’ என்பதுதான் வாயில் முதலில் வரும். காளவாசலில் இருந்து வருபவருக்கு அது சரி. பழங்காநத்தத்தில் இருந்து வருபவருக்கு அதே கடை இடது கைப்பக்கம். ஆள் எங்கிருந்து வருகிறார் என்று கேட்காமல் இதைச் சொல்லவே கூடாது. ‘மேற்குப் பக்கம்’ என்றால் யாருக்கும் மாறாது. ஆனால் வண்டியில் வருபவருக்கு, அதுவும் வெளியூர்க்காரருக்கு, திசை பிடிபடாது.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புவது சுலபம். ஆனால் கான்கிரீட் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அனுப்பினால் புள்ளி இருபது, முப்பது மீட்டர் தள்ளி விழும். அவ்வளவு தள்ளினால் டிவைடருக்கு அந்தப் பக்கம் போய்விடும். கடை வாசலில் நின்று, புள்ளி நம் பக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

எனக்குப் பிடித்தது நாலாவது: ‘காளவாசல் போற பக்கம்’. நம் ஊரில் வண்டி இடதுபுறம் ஓடுவதால், கடை வாசலை ஒட்டி ஓடும் வண்டிகள் எங்கே போகின்றன என்று சொன்னாலே பக்கம் தெரிந்துவிடும். கேட்பவர் எங்கிருந்து வந்தாலும் இந்தச் சொல் மாறாது.

அடுத்தது திரும்பும் இடம். இங்கேதான் பலரும் தப்பு செய்கிறோம். எங்கள் கடைக்குக் காளவாசல் பக்கம் 60 மீட்டரில், டிவைடரில் வண்டி திரும்ப ஒரு கேப் இருக்கிறது. பழங்காநத்தம் பக்கம் 350 மீட்டரில் இன்னொன்று. பக்கத்தில் இருப்பது முதல் கேப்தானே என்று அதைச் சொல்லி, காளவாசலில் இருந்து ஆட்டோவில் டேபிள் டாப் கிரைண்டரோடு வந்த ஓர் அக்காவை அலைய விட்டேன். அதில் திரும்பிய ஆட்டோ காளவாசலைப் பார்த்து நிற்கிறது, கடையோ முதுகுக்குப் பின்னால். ஆட்டோக்காரர் அந்த 60 மீட்டரையும் ராங் சைடில் வந்தார். எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

காளவாசலில் இருந்து வருபவர் கடையைத் தாண்டிப் போய், 350 மீட்டர் கேப்பில் திரும்பி வந்தால்தான் கடை இடது கையில் வரும். கடை வாசலுக்கு வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றனவோ, அந்தப் பக்கத்து கேப்தான் வருபவருக்கு. 60 மீட்டர் கேப், வேலை முடிந்து பழங்காநத்தம் திரும்புகிறவருக்கு.

இப்போது நான் சொல்வது இதுதான்: “காளவாசல் போற பக்கம்க்கா. காளவாசல்ல இருந்து வந்தீங்கன்னா வலது கையில நம்ம போர்டு தெரியும், அங்க திரும்பாதீங்க. தாண்டி, பெட்ரோல் பங்க் முன்னாடி யூ-டர்ன் போட்டு வாங்க.”

மீட்டர் கணக்கு யாருக்கும் சொல்வதில்லை, பங்க்தான் அடையாளம். போலீஸ் அந்த கேப்பில் பேரிகார்டு போட்டு அடைத்துவிடும் நாளும் உண்டு. அதனால் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் பைக்கில் அதுவரை ஒரு நடை போய்ப் பார்த்துவிடுகிறேன்.