டைப் 1-ஆ, டைப் 2-ஆ: கிளிநொச்சிப் பம்ப் அறைக்கு

ஷோர்ட் சர்க்கிட் வந்தபின் பம்ப் ஸ்டார்ட்டர் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு தெரிவு. 37 கிலோவாட் பம்ப் மூன்று, 400 வோல்ட் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 68 ஆம்பியர் இழுக்கும். மூன்றும் சேர்ந்து ஓடினாலும் 204 தான். 250 ஆம்பியர் பஸ்பார் இரண்டு தெரிவுக்கும் போதும். பெட்டி வெயிலில் நின்றால் மட்டும் 400-க்குப் போங்கள்.

ஸ்டார்-டெல்டாவில் மெயின், டெல்டா கொன்டாக்டர்களில் அந்த 68 ஆம்பியரில் 58 வீதம், அதாவது 40 ஆம்பியர் அளவே பாயும். டைப் 1-க்கு அந்த அளவில் சிறிய கொன்டாக்டரே காணும். ஷோர்ட் சர்க்கிட் வந்தால் ஆளுக்கு ஆபத்தில்லை, ஆனால் ஸ்டார்ட்டர் பழுதாகலாம், திருத்தவோ மாற்றவோ வேண்டிவரும்.

டைப் 2-இல் கொன்டாக்ட் இலேசாக ஒட்டினாலும் பிரித்தெடுத்து, பார்த்துவிட்டு ஓட்டலாம். அதற்குப் பெரும்பாலும் பெரிய கொன்டாக்டர் தேவை. பிரேக்கர், கொன்டாக்டர், ஓவர்லோட் மூன்றும் தயாரிப்பாளர் சோதித்த சேர்க்கையாகவே இருக்கவேண்டும். ஒன்றை வேறு வகைக்கு மாற்றினாலும் டைப் 2 போச்சு.

உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டிய இடத்தில், வயல் தண்ணீர் காத்திருக்காது. டைப் 2 எடுங்கள்.