கைப்பைக்குள் மைக்கறையா? 280 வெள்ளி போனதுதான் மிச்சம், படித்துவிட்டுப் பையைக் கொடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும், கைப்பையும் காலணியும் சுத்தம் செய்து தரும் கடை. பெயர் வேண்டாம். 280 வெள்ளி வாங்கிக்கொண்டு, உள்ளே மட்டும் கறையாக இருந்த பையை வெளியேயும் பாழாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

பழுப்பு நிறத் தோல் பை. உள்ளே வெளிர் நிறப் பருத்தித் துணி. பால்பாயிண்ட் பேனா கசிந்து, உள்பாக்கெட்டின் அடியில் ஐம்பது காசு அளவுக்கு நீலக்கறை. தோலில் ஒரு சொட்டு மை இல்லை. முகப்பில் இருந்த பெண் தொட்டுப் பார்த்து, "இது துணிதானே அக்கா, முழுசா போயிடும், தோலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினார். அந்தத் தெளிவான பேச்சை நம்பித்தான் 280 வெள்ளியையும் முன்பணமாகவே கட்டியது.

பை திரும்பி வந்தபோது துணியில் இருந்த நீலம் வெளிறி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அதற்கு நேர் வெளியே தோலில் பளபளப்பு போன ஒரு திட்டு. பையைத் திறந்தால் நகப்பூச்சு அழிப்பானின் நெடி. என்ன செய்திருக்கிறார்கள் என்பதை அந்த மூன்றுமே சொல்லிவிடுகின்றன.

பால்பாயிண்ட் மை எண்ணெய்த்தன்மை உள்ளது. தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆனால் கரைந்த மை தானாக மறைந்துவிடாது, ஈரம் போகும் பக்கமெல்லாம் அதுவும் போகும். அதனால் உள்துணியை வெளியே இழுத்து, கறைக்கு அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, மை அதற்குள் இறங்கும்படி ஒற்றி எடுக்க வேண்டும். இவர்கள் பாக்கெட்டுக்குள் நேராக ஊற்றியிருக்கிறார்கள். திரவம் துணியைத் தாண்டி, பசையைத் தாண்டி, தோலின் பின்புறத்தில் ஊறியிருக்கிறது. தோலின் பின்புறத்துக்குப் பூச்சு கிடையாது, எதையும் உறிஞ்சும். வெளியே நிறம் மாறியதும் அங்கேயும், நகப்பூச்சு அழிப்பானில் இருக்கும் அசிட்டோனால் தேய்த்திருக்கிறார்கள். அசிட்டோன் மையை மட்டும் எடுக்காது, தோலின் மேற்பூச்சையும் நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பிறகு மேலே சாயம் அடித்து மறைத்திருக்கிறார்கள். தையல் நூலிலும் பழுப்புச் சாயம் ஏறியிருக்கிறது. ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் நிறம் கையோடு வருகிறது. சாயத்தின் மேல் காப்புப் பூச்சுகூடப் போடவில்லை.

கேட்டதற்கு முதலில், "தோல் பழசு அக்கா". அடுத்து, "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்". அப்புறம் வாட்சாப்பில் நீலக் குறி மட்டும் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போய் நின்றால், அடுத்த முறைக்கு 50 வெள்ளி கழிவுச் சீட்டு! 280 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், ரசீதுக்குப் பின்னால் இருக்கும் "சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்ற வரியைக் காட்டுகிறார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், போடத்தான் போகிறேன்.

மைக்கறையை வீட்டிலேயே எடுக்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும்.

ஊற்றாதீர்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். அடியில் உள்ள துணி நீலமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் உள்தையல் ஓரத்தில் சோதியுங்கள், துணியின் நிறமே வந்தால் நிறுத்திவிடுங்கள். உள்துணி வெளியே வராதபடி ஒட்டியிருந்தால் ஆல்கஹாலே வேண்டாம். ஜெல் பேனாவின் மை பெரும்பாலும் இதற்கு அசையாது, வீணாகத் தேய்க்காதீர்கள்.

தோலில் மை பட்டிருந்தால் மறைவான இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். மை உள்ளே இறங்கியிருக்கும், "முழுசா போயிடும்" என்று யார் சொன்னாலும் பையைக் கையில் கொடுக்காதீர்கள்.

முடிந்ததும் உள்துணியை வெளியே இழுத்தபடியே காற்றாடியின் கீழ் நன்றாகக் காய விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்த பையை மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைக்குத்தான் கொடுப்பீர்கள் என்றால், எந்தத் திரவம், உள்துணியை வெளியே எடுத்துச் செய்வார்களா, சாயம் அடிப்பார்களா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் பையின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டவே கட்டாதீர்கள்.